கோடு போட்ட ஸ்டீல்

பளபளவென்று இருந்தால் அது புதுசு என்று நம்புகிறவர்கள் தூத்துக்குடியில் நிறையப் பேர். குத்துவிளக்கில் ஆரம்பித்து மோட்டார் சைக்கிள் சைலன்சர் வரைக்கும் தேய்த்துத் தேய்த்தே ஆயுளைக் கழிக்கிறவர்கள். அவர்களோடு மல்லுக்கட்டியே ஜெயகணேஷுக்கு நாற்பது வயதுக்குள் முன்மண்டை வழுக்கையாகிவிட்டது.

மட்டக்கடைப் பகுதிக்குப் போகிற வழியில், ஒரு ஜவுளிக் கடையின் மாடிப்படிக்கு அடியில் அவனுடைய வாட்ச் ரிப்பேர்க் கடை இருந்தது. ஒரு மேசை, ஒரு விளக்கு, மூலையில் துணிச் சக்கரம் மாட்டிய பாலிஷ் மெஷின், வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு ஸ்டூல். இவ்வளவுதான் கடை. ஆனால் கப்பல் அதிகாரிகள் துறைமுகத்திலிருந்து ஆட்டோ பிடித்து அவனைத் தேடி வருவார்கள். ஷோரூம்காரர்களே கீறல் விழுந்த வாட்சை ஒரு பையனிடம் கொடுத்து ரகசியமாக அனுப்புவார்கள். ஸ்டீல் வாட்சில் கீறல் எடுக்க அவனை விட்டால் திருநெல்வேலி வரைக்கும் ஆள் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

வேம்பாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அய்யாக்குட்டி அன்றைக்கு மத்தியானம் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கைக்குட்டைக்குள் சுருட்டியிருந்த வாட்சை மேசைமேல் வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். ஏதோ கடத்தல் சரக்கைக் கொண்டு வந்தவன் போலிருந்தது அவன் முழி.

“அண்ணாச்சி, இதப் புதுசு மாதிரி ஆக்கணும்.”

“யாரு வாட்சு?”

“எங்க ஊர்ல சுந்தர்சிங்னு ஒருத்தன், கப்பல்ல சமையக்காரன். சிங்கப்பூர்ல வாங்குனானாம். கொஞ்ச மாசம்தான் கட்டியிருக்கான். டப்பா எல்லாம் இருக்கு. தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குக் கட்டணும். அவுக கேட்டது இதே மாடல்தான். கடையில புதுசா எடுக்க நம்மால முடியல அண்ணாச்சி, ஒளிவுமறைவு எதுக்கு.”

ஜெயகணேஷுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பொய் சொல்ல வருகிறவன் முதலில் உண்மையைச் சொல்கிறானே என்று நினைத்துக்கொண்டான். வாட்சை விளக்கடியில் பிடித்து மெல்லச் சாய்த்தான். பிறகு கட்டைவிரல் நகத்தைக் கீறல்களின் குறுக்கே ஓட்டினான்.

“நகம் மாட்டல. மேலாப்புல விழுந்த கீறல்தான். போயிரும்.”

“பளபளன்னு ஆக்கிருங்க அண்ணாச்சி.”

“அதான் கூடாது.” ஜெயகணேஷ் வாட்சை அவன் பக்கம் திருப்பினான். “இங்கன பாரும். இந்தப் பக்கவாட்டுல உம்ம மூஞ்சி தெரியுதா?”

“தெரியுது.”

“இது கண்ணாடிப் பாலிஷ். இப்ப மேல பாரும். செயின் மாட்டுற நாலு காது இருக்குல்லா, அதுக்கு மேல மூஞ்சி தெரியுதா?”

அய்யாக்குட்டி குனிந்து பார்த்தான். “மங்கலா இருக்கு. தேஞ்சு போச்சோ?”

“தேயல. நல்லாப் பாரும். மயிரிழை மாதிரி கோடு, எல்லாம் ஒரே பக்கமா ஓடுது. வேணும்னே போட்ட கோடு. செயினும் அப்படித்தான். இதுல பாலிஷ் போட்டா, கொத்தனார் சொரசொரன்னு பூசுன சுவத்துல நாம சிமெண்டப் பூசி மழுக்குன மாதிரி ஆயிரும். தெரிஞ்சவன் ஒரு நொடியில சொல்லிருவான், இது கைபட்ட வாட்சுன்னு.”

“அப்ப கீறல எப்படி எடுப்பீய?”

“கீறல்ங்கது பள்ளம். பள்ளத்த நிரப்ப முடியாது. சுத்தியிருக்க மேட்டைப் பள்ளத்து மட்டத்துக்கு எறக்கணும். கண்ணாடிப் பக்கத்துல நைசா எறக்கிப் பாலிஷ் போடணும். கோட்டுப் பக்கத்துல அதே கோட்டு வாக்குல, அதே மாதிரி கோடு போட்டு எறக்கணும். ரெண்டையும் கலந்தா வாட்சு செத்துப்போவும்.”

அய்யாக்குட்டிக்குப் பாதி புரிந்தது. மீதியை மரியாதையால் நிரப்பிக்கொண்டு தலையாட்டினான். “நீங்க பாத்துச் செய்யுங்க அண்ணாச்சி. எனக்குப் புதுசாத் தெரிஞ்சாப் போதும்” என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

ஜெயகணேஷ் செயினைக் கழற்றினான். பின்மூடியைத் திறந்து உள்ளே இருந்த எந்திரத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி வைத்தான். ஸ்டீல் கூடு மட்டும் அவன் விரல்களில் நின்றது. முதலில் பக்கவாட்டை எடுத்துக்கொண்டான். நைஸான உப்புத்தாளில் கீறலைக் கரைத்தான். அதைவிட நைஸ் தாளில் அந்தத் தாளின் தடத்தைக் கரைத்தான். கடைசியில் துணிச் சக்கரத்தில் மெல்லக் காட்டினான். பக்கவாட்டில் மேசை விளக்கு முழுதாகத் தெரிந்தது. பிறகு பாலிஷ் ஆன இடங்களையெல்லாம் டேப் ஒட்டி மூடினான். டேப்பின் ஓரம் காதின் விளிம்போடு அச்சாகப் பொருந்தும்வரை பிரித்துப் பிரித்து ஒட்டினான். மேல் பரப்புகள் மட்டும் திறந்திருந்தன.

தட்டையான குச்சியில் தாளை ஒட்டி, முதல் காதின்மேல் வைத்து ஒரே பக்கமாக இழுத்தான். தூக்கினான். மறுபடி முதலிலிருந்து அதே பக்கமாக இழுத்தான். முன்னும் பின்னும் தேய்த்தால் திரும்புகிற இடத்தில் கோடு வளைந்துவிடும். அவன் மூச்சைக்கூட குச்சி தூக்கியிருக்கும்போதுதான் விட்டான். முதல் காது முடிந்தபோது கீறல்கள் போயிருந்தன. கோடுகள் கம்பெனியில் போட்டவை போலவே படிந்திருந்தன.

அய்யாக்குட்டி இதற்குள் வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்திருந்தான். ஒன்றை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தான்.

“கண்டிப்பா வரணும் அண்ணாச்சி. எனக்கு அவா ஒருத்திதான். பிரேமான்னு பேரு. அய்யா அம்மா போன பெறவு நான்தான் வளத்தேன். நல்ல எடம். மாப்பிள்ளைக்கு இங்கனதான் பெயிண்ட் கடை.”

ஜெயகணேஷ் ஒரு கையால் டீயை எடுத்துக்கொண்டு இன்னொரு கையால் பத்திரிகையைப் பிரித்தான். மணமகன் பெயர் சிவப்பிரகாஷ். தாயார் பெயர் வடிவம்மாள். கீழே பெயிண்ட் கடையின் பெயரும் இருந்தது. டீ வாயிலேயே நின்றது.

அந்த வீட்டார் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெயகணேஷின் தங்கை இசக்கிசெல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். சரி என்றார்கள். பூ வைக்க நாள்கூடப் பேசினார்கள். கிளம்புகிற நேரத்தில் வடிவம்மாள் இசக்கிசெல்வியின் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முழங்கைக்குக் கீழே எண்ணெய் பட்ட பழைய தழும்பு ஒன்று இருந்தது. “இதச் சொல்லலையே” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். மறுநாள் தரகர் வந்து வேண்டாம் என்றார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பொண்ணுக்கு ஏதோ தோல் வியாதியாம், மறைத்துவிட்டார்களாம் என்று சொந்தக்காரர் வீடெல்லாம் பேச்சு ஓடியது. வருகிற இடமெல்லாம் கையைக் காட்டச் சொன்னார்கள். கடைசியில் அவளைச் சாகுபுரத்தில் ஓர் இரண்டாம் தாரக்காரனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவனுடைய மூத்த மகள் இவளைவிட எட்டு வயசு சின்னவள். இசக்கிசெல்வி இப்போதெல்லாம் போனில் பேசினால் சாப்பிட்டியா என்று கேட்பாள், பிறகு வைத்துவிடுவாள்.

ஜெயகணேஷ் பத்திரிகையை மடித்தான். அந்தச் சிவப்பிரகாஷின் மணிக்கட்டுக்காகத்தான் இவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக் கோடு போட்டிருக்கிறான் என்று நினைத்ததும் அவனுக்கு அவன்மேலேயே ஆத்திரம் வந்தது.

“ஏன் அண்ணாச்சி, தெரிஞ்ச எடமா?”

“கேள்விப்பட்டிருக்கேன்.” ஜெயகணேஷ் கூட்டை விளக்கடியில் பிடித்தான். அவன் குரல் நன்றாகக் கனிந்திருந்தது. “நீரு என்ன கேட்டீரு மொதல்ல?”

“பளபளன்னு கேட்டேன். நீங்கதான் வேண்டாம்னு…”

“யோசிச்சுப் பாத்தேன். கல்யாண மண்டபத்துல லைட்டெல்லாம் போட்டு வீடியோ எடுப்பாக. மங்கலா இருந்தா, பழசக் கட்டுனாம்பாக. உம்ம தங்கச்சிக்குத்தான் கொறச்சல். நீரு சொன்னபடியே செஞ்சிருவமா?”

அய்யாக்குட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. தான் சொன்னது சரியாகப் போனதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். “அதத்தான நான் அப்பமே சொன்னேன்” என்றான்.

ஜெயகணேஷ் டேப்பை உரித்தான். அச்சாக ஒட்டிய டேப் ஒரே இழுப்பில் வந்தது. கூட்டை மெஷினுக்குக் கொண்டுபோனான். சக்கரத்தில் பாலிஷ் மெழுகைத் தாராளமாகப் பூசி, காதுகளின் மேல் பரப்பை வைத்து அழுத்தினான். கோடு அவ்வளவு லேசில் சாகாது; அதைக் கொல்ல அழுத்த வேண்டும். அழுத்த அழுத்தத் துணிச் சக்கரம் விளிம்பையும் தின்னும். மேல் பரப்பும் பக்கவாட்டும் சந்திக்கிற அந்தக் கூரான ஓரம், குளிக்கிற சோப்பின் மூலைபோல மழுங்கிக்கொண்டே வந்தது. அவன் கண் எதிரில்தான் மழுங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். அவன் அதுவரைக்கும் யார் வாட்சையும் இப்படிச் செய்ததில்லை. செய்கிறவர்களை ஊர் முழுக்கத் திட்டியிருக்கிறான்.

செயினையும் விடவில்லை. எல்லாம் முடிந்து பூட்டிக் கொடுத்தபோது வாட்ச் தலையிலிருந்து கால்வரை கண்ணாடியாக இருந்தது. அய்யாக்குட்டி அதில் தன் பல்லைப் பார்த்துச் சிரித்தான்.

“கும்பிடணும் அண்ணாச்சி ஒங்க கைய” என்றான்.

கல்யாணத்துக்கு ஜெயகணேஷ் போகவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவன் நல்ல மனநிலையில் இருந்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். சீட்டியடித்தபடி வேலை பார்த்தான். சிவப்பிரகாஷுக்கு வாட்ச் பைத்தியம் உண்டு என்று அவனுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஒருமணி நேரம் வாட்சைப் பற்றித்தான் பேசினான். இன்றைக்கோ நாளைக்கோ அவன் அந்த வாட்சை ஷோரூமில் இருக்கிற ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். பழைய வாட்சைக் கட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அந்த மூஞ்சி எப்படிப் போகும்? அதை நினைத்து நினைத்துச் சுவைத்தான். பிரேமா என்ற பெண்ணை அவன் நினைக்கவே இல்லை. அவன் கெட்டவன் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

சிவப்பிரகாஷ் ஷோரூமுக்குப் போனான். செயின் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று ஒரு கண்ணியை எடுக்கப் போனவன், அங்கே அதே மாடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தான். ஷோரூம் பையன் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தான். “எதுக்கும் மட்டக்கடை ஜெயகணேஷ் அண்ணாச்சிகிட்டக் கேட்டுருங்க சார்” என்று மட்டும் சொன்னான்.

அப்படித்தான் அவர்கள் கடைக்கே வந்து நின்றார்கள். ஜெயகணேஷ் இதை எதிர்பார்க்கவில்லை. சிவப்பிரகாஷ் முன்னால் நின்றான். அவன் அம்மா வடிவம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பின்னால், படிக்கட்டு நிழலில், மஞ்சள் காயாத தாலிக்கயிற்றோடு ஒரு பெண் நின்றாள். கையில் ஒரு சின்னத் துணிப்பை. சொல்லாமலே தெரிந்தது, பிரேமா.

“அண்ணாச்சி, ஒரு சின்னச் சந்தேகம். இது புதுசா, கைபட்டதா?” என்று சிவப்பிரகாஷ் வாட்சைக் கழற்றி வைத்தான். பிறகு நெற்றியைச் சுருக்கினான். “ஒங்க வீட்டுக்கு நாங்க ஒருக்கா வந்திருக்கோம்லா? தங்கச்சிக்கு ஆயிருச்சா?”

“ஆயிருச்சு.”

“நல்லது நல்லது” என்று சிவப்பிரகாஷ் மனதாரச் சொன்னான். அவனுக்கு எதுவும் உறுத்தவில்லை. வடிவம்மாள் அது எந்த வீடு என்று கூட யோசிக்கவில்லை. மின்விசிறி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஜெயகணேஷ் கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு வாட்சைக் கையிலெடுத்தான். பார்க்க ஒன்றுமில்லை. அவன் செய்த வேலை, அவனுக்குத் தெரியாதா? ஆனால் லென்சுக்குள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அவனுக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு பொய் போதும். சில நாட்டுக்கு இதே மாடலை முழுக்கப் பாலிஷாகவும் விடுவார்கள் என்று சொன்னால் போதும். ஷோரூம்காரனே அதை மறுக்க மாட்டான். மூன்று பேரும் வந்த வழியே போவார்கள். லென்சின் ஓரத்தில் பிரேமாவின் கை தெரிந்தது. பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தது.

“தெரியலன்னா விட்டுருங்க அண்ணாச்சி. திருநெல்வேலில காட்டிக்கிடுதேன்” என்றான் சிவப்பிரகாஷ்.

தெரியலன்னா என்ற சொல் ஜெயகணேஷைச் சுட்டது. லென்சைக் கழற்றினான்.

“கைபட்டது” என்றான். “மேல கோடு இருக்கணும். சக்கரத்துல குடுத்துக் கோட்டை அழிச்சிருக்கு. இந்தா, இந்த ஓரத்த விரலால தடவிப் பாருங்க. புதுசுல இது விரல்ல குத்துற மாதிரி நறுக்குன்னு நிக்கும். இது வழவழன்னு ஓடுது. போன ஸ்டீல் போனதுதான்.”

சொல்லிவிட்டு, இத்தனை நாள் காத்திருந்த அந்த மூஞ்சியைப் பார்த்தான். அது போகவில்லை. சுருங்கவில்லை. சிவப்பிரகாஷ் மெல்லச் சிரித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். வடிவம்மாளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காய்கறி வாங்கப் போன இடத்தில் கொசுறு அதிகம் விழுந்தால் வருகிற களை அவள் முகத்தில் வந்தது. அவர்களுக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. அதை ஜெயகணேஷ் செதுக்கி, தேய்த்து, கையில் கொடுத்திருந்தான்.

“இது யாரு செஞ்ச வேல?” என்று கேட்டான் சிவப்பிரகாஷ்.

“மெஷின் வச்சிருக்கவன் ஊர்ல எத்தனையோ பேரு. யாரைன்னு சொல்ல?”

வடிவம்மாள் திரும்பினாள். “ஏளா, கேட்டியா? கட்டுன வாட்சு எச்சி. இன்னும் கொண்டுவந்த நகை என்ன லட்சணமோ. ஒங்க அண்ணன் வாரான், சிரிக்கான், மாப்பிள்ளைங்கான். எல்லாம் பாலிஷு.”

“எனக்குத் தெரியாது அத்தை” என்றாள் பிரேமா. அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

“தெரியாதுன்னா? ஒரு பொண்ணு கையில தழும்புன்னு நாங்க வேண்டாம்னோம். அதாச்சும் கண்ணுக்குத் தெரிஞ்ச தழும்பு. அந்த வீட்டுக்காரன் இம்புட்டு மோசமில்ல.”

அந்த வீட்டுக்காரன் அவள் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான்.

சிவப்பிரகாஷ் மறுபடியும் வாட்சைக் கையிலெடுத்தான். அதன்மேல் அவனுக்கு ஆசை போகவில்லை. “அண்ணாச்சி, அந்தக் கோடு திரும்ப வருமா?”

“கோடு போட்டுரலாம். ஓரம் வராது.”

“கோடு வந்தாப் போதும். ஓரத்த எவன் பாக்கான். நல்லாப் போட்டு வைங்க. வெள்ளிக்கெழம வாங்கிக்கிடுதேன்.” பிறகு பெண்டாட்டியைப் பார்க்காமலே சொன்னான். “நீ ஒங்க அண்ணனுக்குப் போன் போடு. வந்து கூட்டிட்டுப் போவட்டும். ஷோரூம் பில்லோட புது வாட்சும், ஆசாரி ஒரசிப் பாத்துச் சொன்ன நகையும் வரட்டும். பெறவு பேசுவோம்.”

“எப்ப வரணும்?” என்று கேட்டாள் பிரேமா.

அம்மாவும் மகனும் வாட்சையும் பெண்ணையும் ஒரே கடையில் விட்டுவிட்டுப் போனார்கள். வாட்சுக்கு மட்டும் ரசீது வாங்கிக்கொண்டார்கள்.

வேம்பாரிலிருந்து பஸ் வர நேரமாகும். பிரேமா அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஜெயகணேஷ் ஒரு கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றினான். பிறகு அதையே திறந்து மறுபடி மாற்றினான். அவள் அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை, மேசைமேல் கிடந்த வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, அந்தக் கோடு போட்டா இதுவும் கடையில இருக்கது மாதிரியே ஆயிருமா?”

“தூரத்துல பாத்தாத் தெரியாது.”

“எங்க அண்ணனுக்கு வாட்சப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா இதச் செஞ்சவருக்குத் தெரிஞ்சிருக்கும்லா? கோட்ட அழிச்சா வேற மாதிரி ஆயிரும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

ஜெயகணேஷ் பேட்டரி மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

அய்யாக்குட்டி ஓடி வந்தான். தங்கையைப் பார்த்தான், மேசையில் வாட்சைப் பார்த்தான், ஜெயகணேஷைப் பார்த்தான். அவன் உண்மையைத் தொண்டையில் அடக்கத் தெரியாத ஆள்.

“அண்ணாச்சி, நீங்க செஞ்சும் இப்படி ஆயிப்போச்சே” என்றான்.

பிரேமா எழுந்து நின்றுவிட்டாள். “இவரா செஞ்சாரு?”

கடையில் சக்கரம் சுற்றவில்லை. ஆனாலும் ஜெயகணேஷுக்குக் காது இரைந்தது. தப்பிக்க வழி இல்லை என்றுதான் அவனும் நினைத்தான். வழியை அய்யாக்குட்டியே திறந்துவிட்டான்.

“அவரக் கொற சொல்லாத தாயி. அவரு மொதல்லயே சொன்னாரு. கோடு இருக்கணும், பாலிஷ் போட்டா வாட்சு செத்துப்போவும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நான்தான் பளபளன்னு வேணும்னு நின்னேன். புத்தி கெட்டவன் நான்.”

பிரேமா ஜெயகணேஷின் பக்கம் திரும்பினாள். அவள் கண் அவனை விட்டு நகரவில்லை. “நீங்க சொன்னீயளா?”

சொன்னதென்னவோ உண்மைதான். அதற்குப் பிறகு பத்திரிகையைப் பார்த்தான் என்பதும், டேப்பை உரித்தான் என்பதும், செஞ்சிருவமா என்று அவனே தேன் தடவிக் கேட்டான் என்பதும் அந்தக் கேள்விக்குள் வரவில்லை.

“சொன்னேன்மா. கோடு இருக்கணும்னு அன்னைக்கே சொன்னேன்” என்றான் ஜெயகணேஷ். “ஒங்க அண்ணனக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான், அவுக கேட்டப்ப யாரு செஞ்சாங்கதச் சொல்லல.”

அய்யாக்குட்டி கையெடுத்துக் கும்பிட்டான். நன்றியில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரேமா அண்ணனைப் பார்த்தாள். அப்பா அம்மா இல்லாமல் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அவனுக்காகத்தான் அவள் மாமியாரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

“சொன்ன பெறவுமாண்ணே செஞ்ச?” என்று கேட்டாள்.

“ஒனக்குக் கொறச்சலா இருக்கக் கூடாதுன்னு…”

அவன் முடிப்பதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள். துணிப்பையை வாங்கக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை. ரோட்டில் அவனுக்குப் பத்தடி முன்னால், தெரியாத ஆளோடு வருகிறவள்போல நடந்தாள். அய்யாக்குட்டி பாதி வழியில் நின்று ஜெயகணேஷிடம் திரும்பி வந்தான்.

“அண்ணாச்சி, அந்தக் கோட்ட மட்டும் நல்லாப் போட்டுருங்க. வாட்சு மனசுக்குப் புடிச்சுப் போச்சுன்னா அவளையும் கூப்புட்டுக்கிடுவாக” என்று கெஞ்சிவிட்டு ஓடினான்.

ஜெயகணேஷ் போட்டான். அப்படி ஒரு வேலையை அவன் அதுவரை செய்ததில்லை. பக்கவாட்டை டேப்பால் மூடி, மழுங்கிய ஓரத்தில் டேப் நிற்க இடமில்லாமல் வழுக்கியபோதெல்லாம் பிரித்து மறுபடி ஒட்டினான். குச்சியை ஒரே பக்கமாக இழுத்தான், தூக்கினான், இழுத்தான். செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் கோட்டை வரவழைத்தான். தன் பாவத்தைத் தேய்த்து எடுக்கிறோம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் சாப்பாட்டைக்கூட மறந்தான். ஓரம் மட்டும் வரவில்லை. ஆனாலும் அந்தப் பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போக இந்த வேலை உதவும் என்று அவனும் நம்ப ஆரம்பித்திருந்தான்.

வெள்ளிக்கிழமை சிவப்பிரகாஷ் வந்தான். வாட்சை விளக்கடியில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான். கோடுகள் ஒளியை நீளவாக்கில் வாங்கி அமைதியாக நின்றன. அவனுக்கு வாயெல்லாம் பல்.

“புதுசேதான் அண்ணாச்சி. ஷோரூம்காரன் தோத்தான்” என்று சொல்லிக்கொண்டு மணிக்கட்டில் பூட்டினான். கையை நீட்டி மடக்கி அழகு பார்த்தான்.

ஜெயகணேஷ் மேசையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டே கேட்டான். “வந்துட்டாகளா?”

“யாரு?” என்றான் சிவப்பிரகாஷ், வாட்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.